கரப்பான் உள்ள குழந்தைக்கு முட்டையும் வேர்க்கடலையும் எப்போது, எப்படி?

கேள்வி: "எங்கள் மகளுக்கு ஐந்தரை மாதம், ஏழு கிலோ. இரண்டாம் மாதத்திலிருந்தே கன்னத்திலும் கைகால்களிலும் கரப்பான் இருக்கிறது. டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவினால் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. அடுத்த மாதம் சோறூட்டப் போகிறோம். முட்டையும் கடலையும் கரப்பான் பண்டம், இரண்டு வயது வரை தொடவே கூடாது என்கிறார் மாமியார். சீக்கிரம் கொடுத்தால்தான் அலர்ஜி வராது என்று தோழி சொல்கிறாள். யார் சொல்வது சரி? கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் எப்படித் தெரிந்துகொள்வது?"

உங்கள் தோழி சொல்வதுதான் சரி. அதிலும் கரப்பான் உள்ள குழந்தைக்கு அது இன்னும் சரி. ஆறு மாதம் நிறைந்து, தலை நின்று, தாங்கி உட்காரவைத்தால் உட்கார்ந்து, கரண்டியைப் பார்த்து வாய் திறக்கத் தொடங்கியதும், முதல் சில வாரங்களுக்குள்ளேயே நன்றாக வெந்த முட்டையும் அரைத்த வேர்க்கடலையும் கொடுக்கத் தொடங்கலாம். அதற்கு முன் உங்கள் மகளுக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோலில் புண் இருக்கும்போது கடலை, கருவாடு, கத்தரிக்காய் போன்றவற்றை விலக்குவது நம் ஊரில் தலைமுறைகளாக உள்ள வழக்கம். மருத்துவர்களும் வெகுகாலம் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னோம். அலர்ஜி வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முட்டையை இரண்டு வயது வரையிலும், வேர்க்கடலையை மூன்று வயது வரையிலும் தள்ளிப்போடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2000ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. அப்படித் தள்ளிப்போட்டதால் அலர்ஜி குறைந்ததற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. எனவே 2008இல் அந்தச் சங்கமே தன் அறிவுரையைக் கைவிட்டது.

அதே ஆண்டு லண்டனிலிருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. இங்கிலாந்தில் வாழும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளையும் அது ஒப்பிட்டது. வம்சாவளி ஒன்றுதான் என்றாலும், வேர்க்கடலை அலர்ஜி இங்கிலாந்துக் குழந்தைகளிடம் பத்து மடங்கு அதிகமாக இருந்தது. பெரிய வேறுபாடு உணவில்தான் தெரிந்தது. இஸ்ரேலில் வாயில் வைத்ததும் கரையும் கடலைப் பொரியைக் குழந்தைகள் முதல் வயதிலேயே தின்கிறார்கள். இங்கிலாந்தில் அந்த வயதில் கடலை கண்ணிலேயே காட்டப்படவில்லை.

இதை நேரடியாகச் சோதிக்கப் பேராசிரியர் கிடியன் லாக்கின் குழு, கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகளை நான்கு முதல் பதினொரு மாத வயதில் சேர்த்தது. பாதிப் பேர் வாரத்தில் மூன்று முறையாவது கடலை உண்டார்கள். மறுபாதியினர் ஐந்து வயது வரை தொடவில்லை. 2015இல் முடிவு வெளியானது. விலக்கியவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு வேர்க்கடலை அலர்ஜி வந்திருந்தது. உண்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான் வந்திருந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் உங்கள் மகளைப் போன்ற கரப்பான் குழந்தைகள்தான் என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் யாரிடமிருந்து கடலையை மறைத்து வைக்கிறோமோ, அதே குழந்தைகள்தான் அதனால் அதிகப் பயன் பெற்றார்கள்.

காரணம் தோலில் இருக்கிறது. கரப்பான் வந்த தோல் விரிசல் விட்ட சுவர் போன்றது. வீட்டில் யாரோ கடலை தின்ற கையால் குழந்தையைத் தூக்குகிறார்கள், அல்லது பாயில் துகள் கிடக்கிறது. அந்தப் புரதம் விரிசல் வழியே உள்ளே போகிறது. தோல் வழியாக நுழையும் புரதத்தை உடல் பகையாக எண்ணி எதிர்ப்பொருள் செய்யத் தொடங்குகிறது. அதே புரதம் வாய் வழியாகக் குடலுக்குப் போனால், இது உணவு என்று உடல் பழகிக்கொள்கிறது. எது முந்துகிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது. தோல் வீக்கமுற்ற குழந்தைகளுக்குக் கடலெண்ணெய் கலந்த களிம்புகளைத் தடவியதற்கும் பிற்காலத்தில் வந்த கடலை அலர்ஜிக்கும் தொடர்பு இருப்பதை லாக்கின் குழு 2003இலேயே கண்டது. எனவே கடலை உணவை இரண்டு வயது வரை தள்ளிவைத்தால், அந்த இரண்டு ஆண்டும் தோல் வழிக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

முதலில் செய்ய வேண்டும் என்று சொன்ன வேலை இதுதான்: சோறூட்டலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, அதற்குள் கரப்பானை அடக்குங்கள். ஈரம் காக்கும் களிம்பைத் தினமும் இரண்டு மூன்று முறை தாராளமாகத் தடவுங்கள். மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு களிம்பைச் சிவப்பு முழுமையாக மறையும் வரை, அவர் சொன்ன முறைப்படி பயன்படுத்துங்கள். பயந்து ஒரு நாள் போட்டு ஒரு நாள் விடுவதால்தான் பல வீடுகளில் அது திரும்பத் திரும்ப வருகிறது. குழந்தையைத் தொடும் முன், குறிப்பாகக் கடலையோ முட்டையோ சாப்பிட்ட பிறகு, எல்லோரும் கை கழுவுங்கள். கடலெண்ணெய் தேய்த்து ஊறவைக்க வேண்டாம். ஜப்பானில் கரப்பான் உள்ள குழந்தைகளிடம் நடந்த முட்டை ஆய்வில் முதலில் தோலைச் சரியாக்கிவிட்டு, ஆறாம் மாதத்திலிருந்து மிகச் சிறிய அளவில் வேகவைத்த முட்டைப் பொடி கொடுத்தார்கள். ஒரு வயதில் சோதித்தபோது, முட்டை பெறாதவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு முட்டை அலர்ஜி இருந்தது. பெற்றவர்களில் 8 பேருக்குத்தான் இருந்தது.

எல்லாக் குழந்தைகளுக்கும் வீட்டிலேயே தொடங்கிவிடலாம் என்று சொல்ல மாட்டேன். களிம்புக்கும் அடங்காமல் உடல் முழுக்கப் பரவிய கரப்பான் இருந்தாலோ, ஏற்கெனவே பாலுக்கோ வேறு உணவுக்கோ தடிப்பு, வாந்தி வந்திருந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். அவர் ஊசிமுனைத் தோல் சோதனை செய்யலாம், அல்லது முதல் வேளையைத் தம் கண் முன்னேயே கொடுக்கச் சொல்லலாம். உங்கள் மகளுக்குக் களிம்பில் அடங்குகிறது என்கிறீர்கள். இரண்டு வாரத்தில் தோல் நன்றாகத் தெளிந்துவிட்டால், உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டில் தொடங்கலாம். ஒரே ரத்த மாதிரியில் நாற்பது ஐம்பது உணவுகளுக்குச் சோதனை செய்யும் 'பேனல்' மட்டும் வேண்டாம். அதில் எதிர்ப்பொருள் தெரிந்தால் அலர்ஜி உறுதி என்று பொருளில்லை. அந்தத் தாளைப் பார்த்துப் பாலையும் முட்டையையும் கோதுமையையும் நிறுத்திவிட்டு, எடை ஏறாமல் வந்து நின்ற குழந்தைகளைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

முட்டையில் தொடங்குவோம். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து பன்னிரண்டு நிமிடம் வேகவையுங்கள். அரைவேக்காடு, ஆஃபாயில், பச்சை முட்டை கலந்த எதுவும் கூடாது. வெப்பம் முட்டைப் புரதத்தின் வீரியத்தைக் குறைக்கிறது. ஜெர்மனியில் வேகவைக்காத முட்டை வெள்ளைப் பொடியை வைத்து நடந்த ஆய்வில், முதல் முறையிலேயே சில குழந்தைகளுக்குக் கடுமையான எதிர்வினை வந்தது.

அடுத்தது, நம் வீடுகளில் பெரும்பாலும் நடக்கும் தவறு. மஞ்சள் கருவை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்துவிட்டு, முட்டை பழக்கிவிட்டோம் என்று நினைப்பது. அலர்ஜியை உண்டாக்கும் முக்கியப் புரதங்கள் வெள்ளைக் கருவில்தான் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து மசித்தால்தான் பலன்.

குழந்தைக்குக் காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு எதுவும் இல்லாத ஒரு நாளின் காலையைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு இரண்டு மணி நேரம் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தூங்கும் நேரத்துக்கு முன் கொடுக்காதீர்கள். மசித்த முட்டையைத் தாய்ப்பாலோ வெந்நீரோ விட்டுக் குழைத்து, கரண்டி நுனியில் ஒட்டுமளவு வாயில் வையுங்கள். கன்னத்திலோ உதட்டோரத்திலோ தடவிப் பார்ப்பது சோதனை ஆகாது. மேலே சொன்னபடி அது தோலுக்குத் தவறான வழியைக் காட்டுவதும் ஆகும். பத்து நிமிடம் காத்திருங்கள். ஒன்றுமில்லை என்றால் கால் டீஸ்பூன் கொடுத்து அன்றைக்கு நிறுத்துங்கள். இரண்டு நாள் கழித்து அரை டீஸ்பூன், பிறகு ஒன்று, பிறகு இரண்டு. சில வாரங்களில், வாரத்துக்கு மொத்தம் ஒரு முட்டை உள்ளே போகும் நிலைக்கு வந்துவிடலாம். அதை இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக் குழைந்த சாதத்திலோ பருப்பிலோ கலந்து கொடுங்கள். வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை என்றால் கட்டாயமில்லை, கடலையிலிருந்து தொடங்கலாம்.

முட்டை ஒரு வாரம் சிக்கலின்றிப் போனதும் கடலை. இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். நல்ல வேர்க்கடலையாகப் பொறுக்கி, சுருங்கியதையும் கறுத்ததையும் பூஞ்சை பிடித்ததையும் கசப்பதையும் எறிந்துவிடுங்கள். பூஞ்சையில் உருவாகும் அஃப்ளடாக்ஸின் கல்லீரலுக்குக் கேடு. வறுத்து, தோல் நீக்கி, உப்பும் சர்க்கரையும் சேர்க்காமல், கடலையின் எண்ணெயே பிரிந்து குழைகிற வரை மிக்ஸியில் அரைத்துக்கொள்ளுங்கள். அந்த விழுது தடித்தபடியே போனால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு புரையேறும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கேழ்வரகுக் கூழிலோ வாழைப்பழக் கூழிலோ சேர்த்துத் தளர்வாகக் கொடுங்கள். முழுக்கடலை, உடைத்த பருப்பு, கடலை மிட்டாய் ஆகியவை ஐந்து வயது வரை வேண்டாம். அலர்ஜிக்குப் பயந்து அல்ல, மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும் என்பதால்.

அளவு ஏறுவது முட்டையைப் போலத்தான்: கரண்டி நுனி, பத்து நிமிடம், கால் டீஸ்பூன், பிறகு படிப்படியாக. போய்ச் சேர வேண்டிய இடம் ஒரு வேளைக்குச் சுமார் பத்துக் கடலையின் விழுது, அதாவது எட்டு கிராம் கடலை, வாரத்தில் மூன்று வேளை. 2015 ஆய்வில் குழந்தைகள் பெற்ற வாராந்தர அளவும் இதுதான். உங்கள் மகள் ஒரு நாள் துப்பினால் விட்டுவிட்டு மறுநாள் கொடுங்கள், திணிக்க வேண்டாம்.

இனி எதிர்வினை. உணவு அலர்ஜி பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரியும். ஏறத்தாழ எல்லாமே இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதனால்தான் காலையில் கொடுங்கள் என்றேன். வாயைச் சுற்றிப் பட்ட இடத்தில் மட்டும் லேசான சிவப்பு வந்து அரை மணியில் மறைந்தால், அது பெரும்பாலும் தோலின் எரிச்சல்தான். தக்காளி, ஆரஞ்சு பட்டாலும் கரப்பான் குழந்தைகளுக்கு அப்படி வரும். உணவு படாத இடத்தில் ஏதாவது வந்தால் அது வேறு விஷயம்.

என்னிடம் வந்த ஒரு குழந்தையைச் சொன்னால் விளங்கும். ஏழு மாதம், கரப்பான் உண்டு. முட்டை தொடங்கி மூன்றாம் முறை, ஒரு டீஸ்பூன் அளவில் கொடுத்திருக்கிறார்கள். கால் மணி நேரத்தில் தாடையில் காணாக்கடி போல் தடிப்பு கிளம்பியது. பிறகு வயிற்றிலும் தொடையிலும் தடிப்பு, ஒரு கண் இமை வீக்கம், ஒரு முறை வாந்தி. ஆனால் குழந்தையின் நிறம் மாறவில்லை, அழுகையின் குரல் வழக்கம்போல் கணீரென்று இருந்தது, பொம்மைக்குக் கை நீட்டியது. அம்மா உடனே முட்டையை நிறுத்தி, வாயைத் துடைத்து, தடிப்பைப் போட்டோ எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவிட்டு எங்களிடம் தூக்கி வந்தார். செட்டிரிசின் சொட்டு மருந்து கொடுத்து நான்கு மணி நேரம் கண்காணித்தோம், தடிப்பு அடங்கியது. இது மிதமான எதிர்வினை. இது வந்தால் அந்த உணவை வீட்டில் மறுபடி கொடுத்துப் பார்க்கக் கூடாது, மருத்துவர் சோதித்து முடிவு செய்ய வேண்டும். மற்ற உணவுகளை நிறுத்த வேண்டியதில்லை. முட்டை அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலோர் வளர வளர அதிலிருந்து மீள்கிறார்கள். கடலை அலர்ஜியிலிருந்து மீள்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான்.

அதே குழந்தைக்கு வேறு மாதிரி நடந்திருந்தால்? நாம் அஞ்ச வேண்டியது தோலில் தெரிவதற்கு அல்ல. மூச்சிலும் ரத்த ஓட்டத்திலும் தெரிவதற்கு. பெரிய குழந்தை 'தொண்டையை அடைக்கிறது' என்று சொல்லும். ஆறு மாதக் குழந்தையால் சொல்ல முடியாது, நாம்தான் பார்த்துப் படிக்க வேண்டும். விடாத இருமல், மூச்சில் இழுப்பு அல்லது விசில் போன்ற ஒலி, அழுகைக் குரல் திடீரெனக் கம்மிப்போவது, நாக்கு வீங்குவது, விழுங்க முடியாமல் எச்சில் வடிவது. இவற்றைவிட எளிதில் ஏமாற்றுவது ஒன்று இருக்கிறது: விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென வெளிறி, துவண்டு, கண் செருகித் தூங்குவதுபோல் ஆவது. அழுது களைத்துத் தூங்கிவிட்டது என்று தொட்டிலில் போட்டுவிடாதீர்கள். புதிய உணவு கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் இப்படி வந்தால், அது ரத்த அழுத்தம் விழுவதாக இருக்கலாம். தோலில் ஒரு தடிப்புகூட இல்லாமலும் இது வரும். இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும், அல்லது தடிப்போடு வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலும், 108ஐ அழையுங்கள். ஐந்து நிமிடத் தொலைவில் மருத்துவமனை இருந்தால் காத்திருக்காமல் கிளம்புங்கள். இரவு பகல் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை முதல் வேளை கொடுக்கும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை குழந்தையைக் கைகளில் கிடைமட்டமாகப் படுக்கவைத்தபடி ஏந்துங்கள். நம் இயல்பு தோளில் நிமிர்த்திச் சாய்த்துத் தட்டிக்கொடுப்பது; ரத்த அழுத்தம் விழுந்த குழந்தைக்கு அது ஆபத்து. வாந்தி வந்தால் இடப்பக்கம் திருப்புங்கள். பால், தண்ணீர், மருந்து எதையும் வாயில் ஊற்றாதீர்கள், விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

மருத்துவமனையில் நுழைந்ததும், 'இத்தனை மணிக்கு முட்டை கொடுத்தோம், இத்தனை நிமிடத்தில் மூச்சு இழுத்தது, அனஃபிலாக்ஸிஸ் என்று சந்தேகப்படுகிறோம்' என்று சொல்லுங்கள். மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் தாக்கும் இந்தக் கடும் அலர்ஜிக்குத்தான் அந்தப் பெயர். உயிரைக் காக்கும் மருந்து தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற கணக்கில், ஏழு கிலோ எடையுள்ள உங்கள் மகளுக்கு 0.07 மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் உள்ள சாதாரண ஆம்பூலிலிருந்து 0.07 மில்லிலிட்டர். தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்தில் திரும்பப் போடுவார்கள். இந்தக் கணக்கை நீங்கள் போடுவதற்காகச் சொல்லவில்லை. எந்த மருந்து முதலில் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டு ஊசியும் போட்டுவிட்டு அட்ரினலினைத் தள்ளிப்போடுவது இன்னமும் நடக்கிறது. அவை இரண்டும் அடைபடும் மூச்சைத் திறக்கும் வேகம் உள்ளவை அல்ல. குழந்தை தெளிந்த பிறகும் சில மணி நேரம் அங்கேயே இருங்கள், அறிகுறிகள் இரண்டாம் முறை திரும்புவது உண்டு.

இன்னொரு வகை எதிர்வினை இதிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. சாப்பிட்டு ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் கழித்து, தடிப்போ இருமலோ இல்லாமல், அடுக்கடுக்காக வாந்தி எடுத்துக் குழந்தை வெளிறித் துவளும். முட்டையும் கடலையும் மட்டுமல்ல, அரிசியும் இதை உண்டாக்கும். இது குடல் வழி அலர்ஜி. தோல் சோதனையில் தெரியாது. வயிற்றுத் தொற்று என்று நினைத்து விட்டுவிடுவார்கள், அடுத்த முறை அதே உணவு கொடுத்ததும் அப்படியே நடக்கும். உடனே மருத்துவமனைக்குப் போய் உடலின் நீர் இழப்பைச் சரிசெய்ய வேண்டும். என்ன உணவு, எத்தனை மணி நேரம் கழித்து என்ற உங்கள் குறிப்புதான் அங்கே நோயைக் கண்டுபிடிக்கும்.

கொடுத்தாலும் சிலருக்கு அலர்ஜி வரத்தான் செய்கிறது; மேலே சொன்ன நூற்றுக்கு மூன்று அதைத்தான் காட்டுகிறது. இந்தியாவில் உணவு அலர்ஜி மேலை நாடுகளைவிடக் குறைவு என்று கர்நாடகத்தில் நடந்த ஆய்வு காட்டியது. அதனால் கரப்பான் இல்லாத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இந்த அளவு கவனம் தேவையில்லை, குடும்பம் உண்பதையே மசித்துக் கொடுத்தால் போதும். உங்கள் மகள் கணக்கு வேறு. மெல்போர்னில் ஒரு வயதுக் குழந்தைகளைச் சோதித்தபோது, கரப்பான் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கடலை, முட்டை, எள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுக்கு அலர்ஜி இருந்தது. கரப்பான் இல்லாதவர்களில் இருபத்தைந்தில் ஒருவருக்குத்தான் இருந்தது.

தொடங்கிய பிறகு இடையில் விட்டுவிடாதீர்கள். ஒரு மாதம் கொடுத்துவிட்டு, ஊருக்குப் போனோம், மறந்துவிட்டோம் என்று நிறுத்தினால் பழக்கிய பலன் கரையக்கூடும். 2015 ஆய்வில் கடலை பெற்ற குழந்தைகள் ஐந்து வயது வரை வாராவாரம் உண்டார்கள். பிறகு தங்கள் விருப்பப்படி உண்ண விடப்பட்ட அவர்களைப் பதின்ம வயதில் மறுபடி சோதித்து 2024இல் வெளியிட்டபோது, சிறுவயதில் பெற்ற பாதுகாப்பு அப்படியே நின்றிருந்தது. சளி, காய்ச்சல் வரும் வாரத்தில் மட்டும் அளவை ஏற்றாமல் காத்திருங்கள். குணமானதும் விட்ட அளவிலிருந்து தொடருங்கள். இந்த இரண்டு வாரமும் களிம்பை ஒழுங்காகத் தடவுங்கள், தோல் தெளியாமல் இருந்தால் முட்டையைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.